தாழ்ந்த குரல் எல்லோருக்கும் கேட்கும்

மருந்துக் கடையில் ஏழெட்டுப் பேர் நிற்கும்போது கடைக்காரர் திடீரென்று குரலைத் தாழ்த்தினால், அதுவரை கைபேசியில் மூழ்கியிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்க்கிறார்கள். யாருக்கோ ஏதோ சொல்லக்கூடாத நோய் என்று அந்தக் குரலே சொல்லிவிடுகிறது. சானிட்டரி நாப்கினை மட்டும் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டுத் தரும் வழக்கமும் இப்படித்தான். தெருவில் அந்தப் பொட்டலத்தைப் பார்க்கிற யாருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்பதில் சந்தேகமே வருவதில்லை. காய்ச்சல் மாத்திரையும் அதே பொட்டலத்தில் வந்தால்தான் அது மறைப்பு.

கடைக்காரர்கள் பெரும்பாலும் நல்ல மனதோடுதான் குரலைத் தாழ்த்துகிறார்கள். ஆனால் யாருக்குத் தாழ்த்துவது என்று அவர்களே தேர்ந்தெடுக்கும்போது காரியம் கெடுகிறது. இருமல் மருந்து வாங்குகிறவருக்கும் மனநல மாத்திரை வாங்குகிறவருக்கும் ஒரே குரல், ஒரே கவர், ஒரே கேள்வி முறை இருக்கும் கடையில் ஒட்டுக்கேட்க எதுவும் மிஞ்சாது. இதைச் செய்வது எளிதல்ல. முதல் காரணம் இடம்.

இந்திய மருந்து விதிகளின்படி சில்லறை மருந்துக் கடைக்கு உரிமம் பெற 10 சதுர மீட்டர் பரப்பு இருந்தால் போதும். ஏறக்குறைய 108 சதுர அடி, வீட்டில் ஒரு சிறு அறையின் அளவு. அதில் அலமாரிகள், குளிர்பதனப் பெட்டி, பில் போடும் கணினி, இரண்டு ஆட்கள். நோயாளியைத் தனியே உட்கார வைத்துப் பேச அறை ஒதுக்குங்கள் என்று இந்தக் கடைக்காரரிடம் சொன்னால் அவர் சிரிப்பார். 'அடுத்தவர் இந்தக் கோட்டுக்குப் பின்னால் நிற்கவும்' என்று தரையில் மஞ்சள் கோடு போட்டாலும் பயனில்லை. நம்மூர் மெடிக்கலில் வரிசை என்று ஒன்று கிடையாது. மேசையைச் சுற்றி அரைவட்டமாக ஆட்கள் நிற்பார்கள். பின்னால் இருப்பவரின் கை முன்னால் இருப்பவரின் தோளுக்கு மேலாகச் சீட்டை நீட்டும்.

இரண்டாவது காரணம் சத்தம். இரைச்சலான இடத்தில் மனிதர்கள் தங்களை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911-இல் இதை விவரித்ததால் அவர் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. பேருந்து நிலையத்தை ஒட்டிய கடையில் மாலை ஏழு மணிக்கு இதை நேரில் பார்க்கலாம். ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு பேருந்து கடக்கும்போது கடைக்காரர் "ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்" என்று கத்துவார். பேருந்து போய்விடும், வாக்கியத்தின் மீதிப் பாதி அதே குரலில் வரும். கொரோனா காலத்தில் மேசைக்கு முன் தொங்கவிட்ட பிளாஸ்டிக் தாளும் கண்ணாடியும் இதைக் கூட்டத்தான் செய்தன. தடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கத்தினார்கள்.

இந்தக் கடைக்கு மாதம் ஒருமுறை வரும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பெயர் கவிதா, வயது 26 என்று வைத்துக்கொள்ளலாம். நரம்பியல் மருத்துவர் எழுதித் தந்த லெவெடிரசெட்டம் 500 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று. மாதத்துக்கு 60 மாத்திரை, பத்து மாத்திரை அட்டையாக ஆறு அட்டை. இந்த மருந்து ஏறத்தாழ வலிப்புக்கு மட்டுமே தரப்படுவது. பெயர் தெரிந்தவருக்கு நோயும் தெரிந்துவிடும்.

வலிப்பு தெரிந்துவிட்டால் என்ன? கவிதாவுக்கு வரன் பார்க்கிறார்கள் என்றால் நிறைய இருக்கிறது. திரும்பத் திரும்ப வலிப்பு வருவதைத் திருமணத்துக்குத் தடையாக எண்ணிய இந்து திருமணச் சட்டத்தின் வாசகம் 1999-இல் செய்த திருத்தத்தில் நீக்கப்பட்டது. சட்டத்திலிருந்து போய் கால் நூற்றாண்டு ஆனாலும், பெண்ணைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்க வருகிறவர்களின் மனதிலிருந்து அது இன்னும் போகவில்லை. மாத்திரை சாப்பிட்டு வலிப்பே வராமல் பல ஆண்டுகளாக வேலைக்குப் போய்வருகிற பெண்ணாக இருந்தாலும் அவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும். மணமகனிடம் சொல்வதா, எப்போது சொல்வது என்பதெல்லாம் கவிதாவும் அவள் வீட்டாரும் முடிவு செய்யவேண்டிய விஷயம். மெடிக்கலில் பக்கத்தில் நின்ற அத்தை முடிவு செய்யவேண்டியது அல்ல.

அரைகுறையாகக் காதில் விழுவதும் ஆபத்துதான். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்து. ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கவும், நரம்பு வலிக்கும் அதையே குறைந்த அளவில் எழுதுவார்கள். வால்புரோயேட் வலிப்புக்கும் உண்டு, மனநோய்க்கும் உண்டு, தலைவலிக்கும் உண்டு. பக்கத்தில் நிற்பவர் கூகுளில் முதலில் வருவதை நம்பி வீட்டுக்குப் போவார். நோயாளியின் உண்மையும் வெளியே போகிறது, இல்லாத ஒன்றும் ஒட்டிக்கொள்கிறது.

இனி கவிதாவின் சீட்டு கடையில் என்னவாகிறது என்று பார்ப்போம். அவள் சீட்டை மேசைமேல் விரித்து வைக்கிறாள். மேலே பெரிய எழுத்தில் 'நரம்பியல் நிபுணர்' என்று இருக்கிறது. மேசைமேல் கிடக்கும் வரை அது அறிவிப்புப் பலகைதான். கையில் வாங்கியதும் உள்பக்கத் தட்டில் கவிழ்த்து வைப்பது ஒரு நொடி வேலை. எல்லாச் சீட்டையும் அப்படி வைக்கிற பழக்கம் இருந்தால் யாருக்கும் அது விசேஷமாகப் படாது.

அடுத்ததுதான் மோசமான கட்டம். பில் போடுகிறவர் முன்னால். மருந்து எடுத்துத் தரும் பையன் பின் அலமாரியில், ஏணிமேல். "தம்பி, அந்த ஃபிட்ஸ் மாத்திரை ஆறு அட்டை எடு" என்று ஒரு குரல். இதில் கெட்ட எண்ணம் எதுவுமில்லை, வேகம் மட்டும்தான். கடையில் வெளிப்படும் ரகசியங்களில் பெரும்பகுதி நோயாளியிடம் பேசுவதால் வருவதல்ல, கடை ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதால் வருவது என்று எனக்குத் தோன்றுகிறது. தீர்வு மலிவானது. சீட்டையே பையன் கையில் கொடுத்துவிடலாம். மருந்துப் பெயரைக் கூவாமல் இருப்பதில் ரகசியத்தைத் தாண்டிய லாபமும் உண்டு: ஒலியில் ஒன்றுபோல இருக்கும் பெயர்கள் மாறி எடுக்கப்படுவது மருந்துக் கடையின் பழைய வியாதி. சீட்டைப் பார்த்து எடுக்கிறவன் காதால் ஏமாற மாட்டான்.

மருந்து வந்ததும் சரியான ஆளிடம்தான் கொடுக்கிறோமா என்று பார்க்க வேண்டும். ஒரே மாலையில் இரண்டு கவிதாக்கள் வருவது நடக்கக்கூடியதே. "கவிதாவா? நரம்பு டாக்டர் சீட்டா?" என்று உரக்கக் கேட்பதற்குப் பதில், சீட்டில் பெயரும் வயதும் இருக்கும் இடத்தில் விரலை வைத்துக் காட்டி, "இது நீங்கதானே? சரியா பாருங்க" என்று கேட்கலாம். காத்திருப்பவரைக் கூப்பிடும்போது "பச்சைச் சேலை அக்கா" என்று கூப்பிடும் நம்மூர்ப் பழக்கத்தை நாகரிகம் இல்லை என்று சிலர் குறை சொல்வார்கள். பெயரையும் மருந்தையும் சேர்த்துக் கூவுவதைவிட அது எவ்வளவோ மேல்.

பிறகு, எப்படிச் சாப்பிடுவது என்று சொல்ல வேண்டும். இங்கேதான் உண்மையான இழுபறி. எதுவும் பேசாமல் அட்டைகளைக் கவரில் போட்டுத் தள்ளிவிட்டால் ரகசியம் பத்திரம், நோயாளி பத்திரமில்லை. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு திரும்ப வரலாம், முன்பைவிடக் கடுமையாகவும் வரலாம். இதைச் சொல்லாமல் விடக்கூடாது. லெவெடிரசெட்டம் சாப்பிடும் சிலருக்கு எரிச்சலும் கோபமும் கூடும், மனம் சோர்ந்துபோகும். அப்படி ஏதாவது இருக்கிறதா என்று கேட்பது நல்ல மருந்தாளுநரின் கடமை. ஆனால் ஏழு பேர் முன்னால் ஒரு இளம்பெண்ணிடம் "கோபம் ரொம்ப வருதாம்மா?" என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? "இல்லை" என்பாள். ரகசியம் இல்லாத இடத்தில் கேட்ட கேள்விக்குக் கிடைக்கும் பதில் மருத்துவத்துக்கு உதவாது. கவிதா கருத்தடை மாத்திரையும் சாப்பிடுகிறாளா என்ற கேள்வி இன்னும் சங்கடமானது. லெவெடிரசெட்டத்தோடு அதற்குப் பெரிய மோதல் இல்லை. ஆனால் கார்பமசெபைன், ஃபெனிட்டாயின் போன்ற பழைய வலிப்பு மருந்துகள் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். கேட்டே ஆக வேண்டிய கேள்வி, கேட்க முடியாத இடம்.

108 சதுர அடிக்குள் இதற்கு என்ன வழி? பல கடைகளில் மேசையின் ஒரு கோடி சுவரை ஒட்டி இருக்கும். அங்கே அடுக்கியிருக்கும் சத்துமாவு டப்பாக்களையும் தள்ளுபடி அட்டையையும் எடுத்துவிட்டால் ஒருவர் நிற்க இடம் வரும். சுவர் ஒரு பக்கத்தை மறைக்கும், நிற்பவரின் முதுகு இன்னொரு பக்கத்தை மறைக்கும். பணம் கட்டுவது நடுவில், மருந்து வாங்குவது அந்தக் கோடியில் என்று எல்லோருக்கும் வைத்துவிட வேண்டும். அங்கே மருந்தின் பெயரையும் நோயின் பெயரையும் சொல்லவே தேவையில்லை. அட்டையைத் தொட்டுக்காட்டி, "இது காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஒரு வேளைகூட விடாதீங்க, நீங்களா நிறுத்தாதீங்க" என்றால் போதும். கேட்பவருக்கு அது எந்த மாத்திரையாகவும் இருக்கலாம். சங்கடமான கேள்விகளை ஒரு சிறு தாளில் எழுதி நீட்டலாம், அல்லது "கடை சும்மா இருக்கிற நேரம் மதியம் மூணு மணி, அப்ப ஒரு போன் பண்ணுங்க" என்று சொல்லலாம்.

இந்த வழி எல்லோருக்கும் பொருந்தாது. காது மந்தமான, படிக்கத் தெரியாத எழுபது வயதுப் பெரியவருக்கு விரலும் உதவாது, தாளும் உதவாது. அவருக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டுமென்றால் கத்தத்தான் வேண்டும். மேசைத் தட்டியைத் தூக்கி உள்ளே ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துக் காதருகே பேசுவதுதான் மிச்சமிருக்கும் வழி. கூட்ட நேரத்தில் எத்தனை கடை அதைச் செய்யும் என்பது வேறு கேள்வி.

நேரில் வருகிறவரின் முகமாவது தெரிகிறது. போனில் அதுவும் இல்லை. மூன்று அழைப்புகளைப் பார்ப்போம்.

முதல் அழைப்பு: "நான் கவிதாவோட அண்ணன் பேசுறேன் சார். தங்கச்சி வழக்கமா வாங்குற மாத்திரை தீர்ந்துபோச்சு. அது என்ன மாத்திரைன்னு சொன்னீங்கன்னா இங்க மதுரையிலயே வாங்கிக்குவேன்." நியாயமாகத்தான் இருக்கிறது. அண்ணனாகவே இருக்கலாம், பெண் எடுக்கப்போகிறவர்களின் உறவுக்காரராகவும் இருக்கலாம். "அதெல்லாம் சொல்லக்கூடாதுங்க" என்று பதில் சொன்னால், கவிதா இந்தக் கடையில் மாத்திரை வாங்குகிறாள், அது சொல்லக்கூடாத மாத்திரை என்று இரண்டு செய்திகளைக் கொடுத்தாகிவிட்டது. மேசையில் குரல் தாழ்ந்ததைப் போலவேதான் இதுவும். அப்படி ஒருவர் வருகிறாரா இல்லையா என்றே பிடிகொடுக்காத பதில் வேண்டும்: "போன்ல யாரோட பழைய கணக்கும் நாங்க பாக்குறதில்லங்க. சீட்டையோ காலி அட்டையையோ எந்தக் கடையில காட்டினாலும் குடுப்பாங்க." சளி மாத்திரையைப் பற்றிக் கேட்டவருக்கும் இதே பதில் போக வேண்டும். சளிக்குச் சொல்லிவிட்டு மற்றதற்கு மறுத்தால், மறுப்பே பதிலாகிவிடும்.

உண்மையிலேயே அண்ணனாக இருந்து, கவிதாவிடம் இரவுக்கு மாத்திரை இல்லை என்றால்? வலிப்பு மருந்து என்பதால் அப்படியே விட்டுவிடவும் முடியாது. கடைக் கணக்கில் கவிதா கொடுத்த எண் இருக்கிறது. இந்த அழைப்பை முடித்துவிட்டு அந்த எண்ணுக்குக் கடைக்காரரே கூப்பிட்டு அவளிடமே பேசலாம். வந்த அழைப்பில் எதையும் சொல்லாமல், தெரிந்த எண்ணுக்குத் தானே அழைப்பது என்ற ஒரே விதி போன் சிக்கல்களில் பெரும்பாலானவற்றைத் தீர்த்துவிடும்.

இரண்டாவது அழைப்பு ஒரு மருத்துவமனையிலிருந்து. "வலிப்பு வந்து சுயநினைவில்லாம ஒரு பொண்ணைக் கொண்டு வந்திருக்காங்க. கைப்பையில உங்க கடை பில் இருக்கு. என்ன மருந்து, என்ன டோஸ்?" இங்கே சொல்லத்தான் வேண்டும், ஆனால் அழைத்தவர் யார் என்று உறுதி செய்த பிறகு. அவர் தரும் எண்ணுக்கு அல்லாமல், அந்த மருத்துவமனையின் பொது எண்ணைத் தானே தேடி எடுத்து அழைத்து, அவசரப் பிரிவுக்கு இணைப்புக் கேட்க வேண்டும். இரண்டு நிமிடம் ஆகும். மருந்தும் அளவும் கடைசியாக வாங்கிய தேதியும் சொன்னால் போதும். யாரோடு வந்தாள், வேறென்ன வாங்கினாள் என்பது அங்கே தேவையில்லை.

மூன்றாவது அழைப்பில் ஏமாற்று எதுவும் இல்லை. கவிதாவே கூப்பிட்டு மாத்திரையை எடுத்துவைக்கச் சொல்கிறாள். கடைக்காரர் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, "யாரு, பஜனை கோயில் தெரு கவிதாவா? ஃபிட்ஸ் மாத்திரைதானே, ஆறு அட்டை?" என்று திருப்பிச் சொல்கிறார். காதில் கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்வது நல்ல பழக்கம். ஆனால் ஒரு முனையில் பேசுவது கடையில் நிற்கும் எல்லோருக்கும். போனை எடுத்துக்கொண்டு பின்னால் போக முடியாவிட்டால், வாடிக்கையாளரைச் சொல்லவிட்டு "ஆமா, எழுதிக்கிட்டேன்" என்று மட்டும் சொல்லலாம். கணினியில் பார்த்து "பழைய பில்படி ஆறு அட்டை" எனலாம். கை வேலையாக இருக்கிறது என்று ஸ்பீக்கரில் போடுவதற்கு மட்டும் மன்னிப்பே கிடையாது.

இப்போது பல கடைகளில் கைபேசி எண்தான் கணக்கின் சாவி. எண்ணைச் சொன்னதும் பெயரும் பழைய பில்லும் திரையில் விரியும். "போன தடவை வாங்கினதேதானா?" என்று கடைக்காரர் படிக்க ஆரம்பித்துவிடுவார். என் எண் என் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும். அப்பாவின் எண்ணையே குடும்பம் முழுவதும் சொல்கிற வீடுகளில் மகள் வாங்கியது அப்பாவின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாகப் போகும். எண்ணைக் கேட்ட கடை பெயரை வாடிக்கையாளரே சொல்லவிட வேண்டும், மருந்தையும் அவரே கேட்க வேண்டும்; திரை தெருவைப் பார்க்கக்கூடாது. மேசைமேல் திறந்து கிடக்கும் ஆர்டர் நோட்டும், கூட்டல் போடப் பயன்படும் பழைய பில்லின் பின்பக்கமும், கடைப் பையன்கள் எல்லோரும் பார்க்கும் வாட்ஸ்அப்பில் வந்து குவியும் சீட்டுப் படங்களும் இதே வகைதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2015-இல் வந்த மருந்தியல் தொழில்முறை ஒழுங்குவிதிகளின்படி, பதிவுபெற்ற மருந்தாளுநர் தொழிலின்போது அறிந்த நோயாளியின் ரகசியத்தை வெளியிடக்கூடாது. நீதிபதியின் உத்தரவு, குறிப்பிட்ட நபருக்கோ சமூகத்துக்கோ தெளிவான கடும் ஆபத்து, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய் ஆகிய மூன்றும் விதிவிலக்குகள். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. விதி பதிவுபெற்றவரைப் பேசுகிறது. மாலையில் மேசையில் நிற்பது பெரும்பாலும் பதிவு இல்லாத உதவியாள். அவருக்குச் சொல்லிக்கொடுப்பது கடை முதலாளியின் வேலை, அது பல இடங்களில் நடப்பதில்லை.

மூன்றாவது விதிவிலக்குக்குக் காசநோய் நல்ல உதாரணம். 2018 மார்ச்சில் வந்த மத்திய அரசின் அறிவிக்கையின்படி, காசநோய் மருந்து விற்கும் கடையும் நோயாளியின் விவரத்தை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். இந்த மருந்துகள் 'எச்1' பட்டியலில் இருப்பதால், நோயாளியின் பெயர், எழுதிய மருத்துவரின் பெயரும் முகவரியும், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். சில கடைக்காரர்கள் இதை 'எப்படியும் அரசாங்கத்துக்குச் சொல்லியாச்சு, இனி என்ன ரகசியம்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அறிவிப்பு போவது காசநோய்த் திட்ட அலுவலகத்துக்கு. அங்கிருந்து களப்பணியாளர் வந்து, வீட்டிலுள்ளவர்களைப் பரிசோதித்து, மருந்து விடாமல் பார்த்துக்கொள்வதற்காக. நோயாளி குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரருக்கு அந்த அறிவிப்பில் இடமில்லை. அந்தப் பதிவேட்டைத் திறந்தபடி மேசைமேல் வைத்தால் அவருக்கும் தெரிந்துவிடும்.

வாங்கப் போகிறவர் செய்யக்கூடியதும் கொஞ்சம் உண்டு. கைபேசி எண்ணை வாயால் சொல்லாமல் சீட்டின் ஓரத்தில் எழுதி நீட்டலாம். பில்லைக் கவருக்கு வெளியே பின் அடிக்காமல் உள்ளே போடச் சொல்லலாம். வீட்டுக்கு அனுப்பும் பார்சலுக்கும் அப்படியே, மேலே பெயரும் கதவு எண்ணும் மட்டும். வேறொருவரை அனுப்பி வாங்கினால், அவர் "இது எதுக்கு மாத்திரை?" என்று கேட்பார் என்பதை எதிர்பார்த்துக் கடைக்கு முன்பே சொல்லிவைக்கலாம். "எப்படிச் சாப்பிடணும்னு நான் சொல்றேன், எதுக்குன்னு அவங்ககிட்டயே கேட்டுக்குங்க" என்று பதில் சொல்கிற கடை உங்கள் தெருவில் இருந்தால், நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய் தள்ளுபடி தரும் எதிர்க்கடைக்கு மாறுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம்.